கடைசிச் சண்டைக்குப் பிறகு விசாரணை

எங்கள் காலத்தில் நல்லவனைக் கண்டுபிடிக்கக் கதை கேட்க வேண்டியதில்லை. தொப்பி போட்டுக் குதிரையில் வருகிறவன் ஜெய்சங்கராக இருந்தால் அவன் நல்லவன். அவனைப் பார்த்துச் சிரிக்கிறவன் அசோகனாக இருந்தால் மேற்கொண்டு விசாரணையே கிடையாது. புதூர் டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்த தரை டிக்கெட் ஜனம் முழுவதும் இந்தச் சட்டத்தை ஒப்புக்கொண்டிருந்தது.

ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான கர்ணன்தான் இந்த ஜாதிப் படங்களுக்கு எங்கள் பக்கத்து அதிபதி. 1970-இல் ‘காலம் வெல்லும்’, 1972-இல் ‘கங்கா’, அதே ஆண்டில் ‘ஜக்கம்மா’. ஜக்கம்மா கட்டபொம்மன் கும்பிட்ட தெய்வம். பாஞ்சாலங்குறிச்சி எங்களுக்குப் பக்கத்துச் சீமை. குலதெய்வத்தின் பெயரைத் தலைப்பாக வைத்து ஜெய்சங்கர் படம் வந்ததில் எங்கள் பெரியவர்கள் யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. “சாமி எந்த வேசத்துலயும் வரும்” என்று ஒரு கிழவர் சொன்னதோடு சரி.

படத்தில் வரும் ஊரும் எங்களுக்கு அந்நியமாகப் படவில்லை. ஒரே தெரு, இரண்டு பக்கமும் கடை, நடுவில் புழுதி, தூரத்தில் கானல். புதூரும் அப்படித்தான் இருந்தது. உடைமரமும் கரிசலும் எங்கள் கணக்கில் அரிசோனாவுக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. வித்தியாசம் ஒன்றுதான்: படத்து ஊரில் குடிக்க எப்போதும் ஏதாவது கிடைத்தது. எங்கள் ஊரில் ஊருணி வற்றிவிட்டால் தண்ணீரே கிடைக்காது.

ஹாலிவுட்டின் தனித் துப்பாக்கிக்காரனுக்கும் எங்கள் ஆளுக்கும் இன்னொரு வேற்றுமை உண்டு. அவன் ஊர் பேர் தெரியாதவன். எங்கிருந்தோ வருவான், சுடுவான், எங்கேயோ போய்விடுவான். அதெல்லாம் தமிழில் செல்லாது. எங்கள் கௌபாய்க்கு ஒரு தாய் வேண்டும், தாய்க்கு ஒரு சபதம் வேண்டும், தகப்பனைக் கொன்றவன் எங்கேயாவது உயிரோடு இருக்க வேண்டும். சொந்தபந்தம் இல்லாதவனுக்காக நாங்கள் எதற்குக் கை தட்ட வேண்டும்?

துப்பாக்கியைப் பற்றி எங்களுக்கு இருந்த அறிவு முழுவதும் சிவகாசியிலிருந்து வந்தது. தீபாவளிக்குத் தகரத் துப்பாக்கியும் சுருள் கேப்பும் அங்கிருந்து வரும். 1972-இல் அதே சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸும் வர ஆரம்பித்தது. 1984-இல் லயன் காமிக்ஸ் சேர்ந்துகொண்டது. மருந்தும் சிவகாசி, கதையும் சிவகாசி. சுருள் கேப்பில் நிறுத்தாமல் சுட்டுக்கொண்டே போகலாம் என்பதால், திரையில் ஆறு குண்டுத் துப்பாக்கி பன்னிரண்டு தடவை வெடித்தபோது எங்களில் ஒருவனுக்கும் சந்தேகம் வரவில்லை.

இது அந்தக் காலம். பிறகு வந்தவர்கள் இந்தக் கதையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். துப்பாக்கிக்காரன், ஊர், கடைசிச் சண்டை என்ற மூன்று பாகங்களும் ஒவ்வொன்றாகக் கழன்றன.

முதலில் ஊர். 1968-இல் செர்ஜியோ லியோனி எடுத்த ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்’ படத்தை நான் வெகு காலம் கழித்துத்தான் பார்த்தேன். அதில் ஸ்வீட்வாட்டர் என்று ஒரு பொட்டல். ஒரு குடும்பத்தையே அங்கே சுட்டுத் தள்ளுகிறார்கள். பழைய படமாக இருந்தால் காரணம் வன்மமாக இருக்கும், இல்லை புதையலாக இருக்கும். இங்கே காரணம் கிணறு. ரயில் பாதை அந்த வழியாக வரப்போகிறது. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும். சுற்று வட்டாரத்தில் தண்ணீர் இருப்பது அந்த ஒரு நிலத்தில்தான். அதை முன்கூட்டியே மோப்பம் பிடித்து வாங்கிப் போட்டவன் செத்துப்போகிறான். நிலம் அவன் மனைவியிடம் நிற்கிறது. துப்பாக்கிக்காரர்கள் தங்கள் கணக்கை ஒருவரோடொருவர் தீர்த்துக்கொள்கிறார்கள். கடைசியில் பாதை போடும் கூலியாட்களுக்கு அந்தப் பெண் தண்ணீர் கொண்டுபோகிறாள். ஊர் அவளால்தான் உண்டாகிறது.

கரிசல்காட்டான் ஒருவனுக்கு இதைவிட விளக்கமாக எதையும் சொல்லிவிட முடியாது. அத்தனை வருசம் படம் பார்த்தும், அந்த ஊர் ஏன் அங்கே இருக்கிறது, யார் காசில் இருக்கிறது என்று எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. இத்தனைக்கும் எங்கள் ஊரில் கிணறு வெட்டுகிறவன் நிலை என்ன, தண்ணீர் விழுந்த நிலத்தின் மீது யார் கண் விழும் என்பதெல்லாம் எங்களுக்கு அரிச்சுவடி. கொட்டகைக்கு வெளியே தெரிந்ததைக் கொட்டகைக்குள் நாங்கள் கொண்டுபோகவில்லை.

இரண்டாவது, துப்பாக்கிக்காரன். அவனைக் கவிழ்த்தவர் வேறு யாருமில்லை, பல வருசம் அவனாகவே நடித்த கிளின்ட் ஈஸ்ட்வுட்தான். 1992-இல் வந்த ‘அன்ஃபர்கிவன்’ படத்தில் அவருக்குப் பன்றி வளர்க்கும் வேலை. பன்றிச் சேற்றில் விழுந்து எழுகிறார். பழைய தொழிலுக்குப் போகலாம் என்று கைத்துப்பாக்கியை எடுத்து ஒரு தகர டப்பாவைக் குறி பார்க்கிறார். சுடுகிறார், தவறுகிறது. மறுபடியும் சுடுகிறார், டப்பா அப்படியே நிற்கிறது. பெற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்குள் போய் நீளத் துப்பாக்கியை எடுத்து வந்து டப்பாவைத் தூக்கி எறிகிறார். குதிரை ஏறப் போனால் குதிரை அவரை ஏறவிட மாட்டேன் என்கிறது.

அந்தப் படத்தில் நான் கண் வைத்தது ஈஸ்ட்வுட் மீதில்லை. பூஷாம்ப் என்கிற எழுத்துக்காரன் மீது. துப்பாக்கிக்காரர்களின் பின்னாலேயே அலைந்து மலிவுப் புத்தகம் எழுதுவது அவன் பிழைப்பு. முதலில் ஒரு வெள்ளைக்காரச் சூரனைத் தொற்றிக்கொண்டு வருகிறான். ஊர்க்காவல் அதிகாரி அந்தச் சூரனை நடுத்தெருவில் உதைத்துக் கூண்டில் போட்டதும் எழுத்துக்காரன் அதிகாரி பக்கம் தாவுகிறான். வேகமாக உருவுகிறவன் ஜெயிப்பதில்லை, பதறாமல் நின்று குறி பார்க்கிறவன்தான் ஜெயிக்கிறான் என்று அதிகாரி அவனுக்குப் பாடம் எடுக்கிறார். படத்தின் முடிவில் அந்த அதிகாரியும் சுடப்பட்டுக் கிடக்கும்போது, பிணங்களுக்கு நடுவே நின்றுகொண்டு எழுத்துக்காரன் ஈஸ்ட்வுட்டைக் கேட்கிறான்: யாரை முதலில் சுட்டீர்கள், எந்த வரிசையில் சுட்டீர்கள்? தனக்கு எப்போதும் அதிர்ஷ்டம் கைகொடுத்தது என்கிற மாதிரி பதில் வருகிறது. புத்தகத்துக்கு அந்தப் பதில் உதவாது.

இங்கேதான் பின்னால் வந்த கதைகளின் சூட்சுமம் இருக்கிறது. யார் முதலில் சுட்டான் என்பது பழைய கதை. சுட்டதை யார் எழுதினான், யார் படம் பிடித்தான் என்பது புதிய கதை.

மூன்றாவதான கடைசிச் சண்டைக்கு வந்தால் இது இன்னும் விளங்கும். உலகத்துக் கடைசிச் சண்டைகளுக்கெல்லாம் மூலவர் ஒன்று உண்டு. 1881 அக்டோபர் 26, அரிசோனாவில் டூம்ஸ்டோன் என்ற வெள்ளிச் சுரங்க ஊர், பிற்பகல் மூன்று மணி. ‘ஓ.கே. கொரால்’ சண்டை என்று பெயர். ஜான் ஃபோர்டு 1946-இல் ‘மை டார்லிங் கிளெமன்டைன்’ என்று எடுத்தார். 1957-இல் பர்ட் லங்காஸ்டரும் கிர்க் டக்ளஸும் சேர்ந்து இன்னொன்று. திரையில் அது நீண்டு நிற்கும். நிதானமான நடை, பெரிய வெளி, ஒவ்வொருவராக விழும் எதிரிகள்.

நடந்தது என்னவென்றால், ஊருக்குள் ஆயுதம் வைத்துக்கொண்டு நடமாடக் கூடாது என்று டூம்ஸ்டோனில் ஒரு நகராட்சிச் சட்டம் இருந்தது. வந்த உடனே லாயத்திலோ மதுக்கடையிலோ துப்பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும். ஆம், நாங்கள் மணலில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்த அந்தத் துப்பாக்கி ஊரில் துப்பாக்கிக்குத் தடை. அந்தத் தடையை மீறினார்கள் என்று சொல்லித்தான் நகர மார்ஷல் வெர்ஜில் ஏர்ப், தன் தம்பிமார் வயட், மார்கன் இருவரையும், பல் வைத்தியர் டாக் ஹாலிடேயையும் கூட்டிக்கொண்டு போனார். படங்களில் கதாநாயகன் வயட். ஊரில் அன்றைக்குப் பொறுப்பு அண்ணனுடையது.

சண்டை நடந்தது கொரால் என்கிற அந்தக் குதிரைப் பட்டியில்கூட இல்லை. அதன் பின்வாசலைத் தாண்டி, ஃப்ளை என்பவரின் போட்டோ ஸ்டூடியோவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையில் கிடந்த சந்து போன்ற காலி இடம். நம் ஊரில் இரண்டு மாட்டு வண்டியை அடுத்தடுத்து நிறுத்தினால் அடைந்துவிடும். அதற்குள் இரண்டு தரப்பும் சில அடி தூரத்தில் எதிரெதிரே நின்றார்கள். ஏறத்தாழ முப்பது விநாடி, ஏறத்தாழ முப்பது வெடி. அந்தக் காலத்துத் தோட்டாவில் இருந்தது கரிமருந்து. நாலு தடவை சுட்டால் புகை எழும்பி எதிரே நிற்கிறவன் தெரியமாட்டான். தீபாவளி காலையில் எங்கள் தெரு இருப்பது மாதிரி இருந்திருக்கும். சண்டைக்கு அச்சாரம் போட்ட ஐக் கிளான்டன் கையில் துப்பாக்கி இல்லாமல் ஓடிப் போனான். அவன் தம்பி பில்லி, ஃபிராங்க் மெக்லாரி, டாம் மெக்லாரி மூன்று பேரும் செத்தார்கள். டாம் கையில் துப்பாக்கி இருந்ததா என்று இன்றைக்கு வரைக்கும் சண்டை நடக்கிறது, புத்தகங்களில்.

சினிமாவில் சண்டையோடு ‘வணக்கம்’ போட்டுவிடுவார்கள். டூம்ஸ்டோனில் அதற்குப் பிறகுதான் ஆரம்பம். ஐக் கிளான்டன் கொலை வழக்குக் கொடுத்தான். நீதிபதி ஸ்பைசர் முன்னால் ஒரு மாதம் விசாரணை. ஒரு சாட்சி கையைத் தூக்கியிருந்தார்கள் என்பான், இன்னொரு சாட்சி உருவினார்கள் என்பான். கடைசியில் வழக்கை மேற்கொண்டு நடத்தப் போதுமான ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். டிசம்பரில் யாரோ மறைந்திருந்து சுட்டதில் வெர்ஜிலின் கை முடங்கியது. அடுத்த மார்ச்சில் மார்கன் பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்தபோது கதவுக் கண்ணாடி வழியாகச் சுட்டுக் கொன்றார்கள். வயட் பழிவாங்கக் கிளம்பினார். கடைசிச் சண்டை என்ற பெயரில் நடந்தது முதல் சண்டை.

கோவில்பட்டி கோர்ட்டு வாசலில் வாய்தாவுக்கு நின்ற அனுபவமுள்ள எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. வரப்புச் சண்டை ஐந்து நிமிசம், வழக்கு பத்து வருசம், சாட்சி பிறழ்வது அதற்கு நடுவில். ஆனாலும் நாங்கள் டூரிங் கொட்டகையில் பார்த்த சண்டையைத்தான் உண்மை என்று எடுத்துக்கொண்டோம். சொந்த அனுபவம் சினிமா மாதிரி இல்லையே என்று எங்கள் மேலேயே குறைப்பட்டுக்கொண்டோம்.

அந்த ஸ்டூடியோக்காரர் ஃப்ளையைக் கொஞ்சம் கவனியுங்கள். சண்டை அவர் சுவரோரம் நடந்தது. புகை அடங்கியதும் வெளியே வந்து, விழுந்து கிடந்த பில்லியின் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கினார். சண்டையின் புகைப்படம் மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. இருப்பது மூன்று பேரும் சவப்பெட்டியில் கிடக்கிற படம். ஐந்து வருசம் கழித்து, 1886-இல், அப்பாச்சித் தலைவர் ஜெரோனிமோ இன்னும் சரணடையாமல் இருந்தபோது அவர் முகாமுக்கே போய்ப் படம் எடுத்தவரும் இதே ஃப்ளைதான். உலகத்திலேயே பேர்போன துப்பாக்கிச் சண்டை, பக்கத்திலேயே கேமரா. ஆனால் கேமராவுக்குள் அது விழவில்லை. விழாத இடத்தைத்தான் பிற்பாடு எல்லாரும் ஆளுக்கொரு கதையால் நிரப்பினார்கள்.

இந்தச் சங்கதியை எனக்கு முதலில் புரியவைத்தது சினிமா இல்லை, சிவகாசிதான். பிரெஞ்சில் ‘புளூபெரி’ என்று 1963 முதல் சார்லியேயும் ஜான் ஜிரோவும் உண்டாக்கிய கதாநாயகன் தமிழில் கேப்டன் டைகர். மூக்கு உடைந்தவன், சவரம் செய்யாதவன், சீட்டாட்டத்தில் கையும் சரியில்லை, பேச்சும் சரியில்லை. சொந்தப் பட்டாளமே அவனை விரட்டும். சார்லியே இறந்த பிறகு, 1995-க்கும் 2005-க்கும் இடையில் ஜிரோ தனியாக எழுதி வரைந்த ஐந்து பாகக் கதை தமிழில் ‘என் பெயர் டைகர்’ என்று தடிப் புத்தகமாக வந்தது. களம் டூம்ஸ்டோன், ஆண்டு 1881. ஓ.கே. கொரால் சண்டை நெருங்கிக்கொண்டிருக்கிறது. டைகரோ சீட்டாட வந்த இடத்தில் சுடப்பட்டு, கதையின் பெரும்பகுதி கட்டிலில் கிடக்கிறான். கிழக்கிலிருந்து வந்த கேம்பெல் என்ற எழுத்தாளனுக்கு, தான் முன்பு ஜெரோனிமோவைச் சந்தித்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். வெளியே வரலாறு நடக்கிறது, உள்ளே கதாநாயகன் கட்டுப் போட்டுக்கொண்டு வாக்குமூலம் கொடுக்கிறான்.

புதூரில் என் கூட்டாளி ஒருவன் கடை வைத்திருக்கிறான். சிவகாசிக்கு ஒழுங்காகச் சந்தா கட்டுகிறவன். அந்தப் புத்தகத்தை முடித்துவிட்டு எனக்குப் போன் போட்டான்.

“மாப்ள, இவ்வளவு காசு கொடுத்து வாங்கிருக்கேன். இந்தப் பய எந்திரிக்கவே மாட்டேங்கான்.”

“அதுதாம்டே கதையே.”

“ஆஸ்பத்திரியில ஆளு படுத்திருக்கதப் பாக்க நா பெரியாஸ்பத்திரிக்கே போவனே. பஸ் காசுதான ஆவும்?”

தமிழில் இந்தப் பாதையில் வந்தவர்களையும் சொல்லிவிட வேண்டும். 2010-இல் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ எடுத்தார். ராகவா லாரன்ஸ் தொப்பி போட்டார், ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்று பெயர். பழைய கொட்டகைக்குச் செய்த கிண்டலும் கும்பிடும் அது. அதே லாரன்ஸைப் பதின்மூன்று வருசம் கழித்து கார்த்திக் சுப்பராஜ் ‘ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்’ படத்தில் வேறு மாதிரி நிறுத்தினார். 1975, மதுரை. சீசர் ஒரு ரவுடி, ஈஸ்ட்வுட் பக்தன். கறுப்பு நிறத்தை ஒரு நடிகர் கேலி செய்ததால் தானே சினிமா கதாநாயகன் ஆகிவிடத் துடிக்கிறான். அவனைக் கொல்ல அனுப்பப்பட்ட எஸ்.ஜே. சூர்யா, சத்யஜித் ரேயின் சிஷ்யன் என்று பொய் சொல்லி டைரக்டராக உள்ளே நுழைகிறார். கையில் துப்பாக்கிக்குப் பதில் கேமரா.

படம் மலைக்காட்டுக்குப் போனதும் கௌபாய் வேசம் கலைகிறது. யானை வேட்டை, அதற்குப் பின்னால் இருக்கும் அதிகாரம், மலைவாழ் மக்களை அப்புறப்படுத்த அரசே கிளம்புகிற கொடுமை. பழைய படங்களில் குதிரையிலிருந்து விழுவதற்கென்றே இருந்தவர்கள் இங்கே கதையின் சொந்தக்காரர்கள். கடைசிச் சண்டையில் அரசுத் துப்பாக்கிகள் எதிரே நிற்கின்றன. சீசர் திருப்பிச் சுடவில்லை. சுடப்படுவதைக் கேமரா பிடிக்கட்டும் என்று நிற்கிறான். அந்தச் சுருள் பிறகு தியேட்டரில் ஓடும்போதுதான் எதிரி விழுகிறான். டூம்ஸ்டோனில் ஃப்ளை தவறவிட்ட படத்தை, கிட்டத்தட்ட நூறு வருசம் கழித்து ஒரு மதுரை ரவுடி தன் உயிரைக் கொடுத்து எடுக்கவைத்தான் என்று நான் சொல்லிக்கொள்வது உண்டு.

இதையெல்லாம் கூட்டாளியிடம் விலாவாரியாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கடையில் ஆள் இல்லாத நேரம்.

“சரி மாப்ள, எல்லாம் ஒத்துக்கிடுதேன். ஆனா ஒண்ணு. எங்க டெக்ஸ் என்ன பாவம் செஞ்சாரு?”

நியாயமான கேள்வி. டெக்ஸ் வில்லர் இத்தாலியில் 1948-இல் போனெல்லியும் கலெப்பினியும் உருவாக்கியவர். 1985 முதல் லயன் காமிக்ஸில் வருகிறார். குறி தவறாது, உடம்பில் குண்டு நிற்காது, தர்மம் எப்போதும் அவர் பக்கம். மாற்றி எழுதுகிறவர்கள் முதலில் கவிழ்க்க வேண்டிய ஆள் இவர்தான். ஆனால் இந்த ஆள் நவஹோ இனத்தவரின் தலைவர். அவர்கள் வைத்த பெயர் இரவுக் கழுகார். அந்த இனத்துப் பெண்ணை மணந்தவர், அவர்களுக்காக வெள்ளை அதிகாரிகளோடு மோதுகிறவர். ஹாலிவுட் செவ்விந்தியர்களைக் குதிரையோடு உருட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இத்தாலியில் அச்சானவர். ‘லிட்டில் பிக் மேன்’ மாதிரிப் படங்கள் 1970-இல் வந்து செவ்விந்தியர் பக்கம் நின்று கதை சொன்னபோது, டெக்ஸ் அங்கே இருபது வருசமாகக் குடியிருந்தார்.

ஆக, துப்பாக்கிக்காரனை மட்டும் பழையபடி விட்டுவிட்டு, எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதை மட்டும் மாற்றினாலும் ஒரு திருத்தம் நடந்துவிடுகிறது. அதை விமர்சகர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை, ஏனென்றால் டெக்ஸ் கஷ்டப்படுவதில்லை. அழுக்கும் தோல்வியும் இருந்தால்தான் உண்மை என்று ஒரு புதுச் சட்டம் எழுதிவிட்டார்கள். அந்தக் காலத்தில் ஜெய்சங்கரைப் பார்த்ததும் நல்லவன் என்றோம். இந்தக் காலத்தில் சவரம் செய்யாதவனைப் பார்த்ததும் ஆழமானவன் என்கிறோம். விசாரணை இல்லாமல் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

இதையும் கூட்டாளியிடம் சொல்லிப் பார்த்தேன். “இத நா நாப்பது வருசமா சொல்லுதேன், நீ இப்பத்தான் படிச்சுட்டு வந்து சொல்லுத” என்றான். அடுத்த சந்தாவில் டைகர் இருந்தால் எனக்குத் தருவதாகவும், டெக்ஸ் இருந்தால் தான் படித்த பிறகு தருவதாகவும் ஏற்பாடு ஆகியிருக்கிறது.